கடல் அமிலமாகிவிட்டது என்று எழுதாதீர்கள் பிள்ளைகளே

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் சிலர், ‘கடல் அமிலமயமாதல்’ கேள்விக்குத் தாங்கள் எழுதிய பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பித் திருத்தித் தரச் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. “கார்பன் டை ஆக்சைடு கடலில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் சிப்பியையும் பவளத்தையும் கரைக்கிறது.” கைடுகளிலும் இப்படித்தான் இருக்கிறது. இதற்கு முழு மதிப்பெண் போடக்கூடாது என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். தொழிற்புரட்சிக்கு முன் கடல் மேற்பரப்பின் pH சுமார் 8.2. இப்போது சுமார் 8.1. இரண்டுமே 7க்கு மேல், அதாவது காரம்தான். “காரமான தண்ணீர் எப்படியப்பா ஓட்டைக் கரைக்கும்? எல்லாம் கட்டுக்கதை” என்று ஒருவர் கேட்டால், மேலே உள்ள பதிலை மனப்பாடம் செய்த பிள்ளை வாயடைத்து நிற்கும்.

முதலில் அந்த 0.1 சின்ன எண் இல்லை. pH மடக்கை அளவு. 8.2 என்றால் H⁺ லிட்டருக்கு 6.3 × 10⁻⁹ மோல், 8.1 என்றால் 7.9 × 10⁻⁹ மோல். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 26 சதவீதம் கூடியிருக்கிறது. ‘அமிலமயமாதல்’ என்பது அமிலத்தை நோக்கி நகர்வதைக் குறிக்கும் சொல். அமிலமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

அடுத்தது, கூடிய H⁺ எங்கே போகிறது என்பது. விடையின் உயிர் இங்கேதான்.

CO₂ + H₂O ⇌ H₂CO₃ ⇌ H⁺ + HCO₃⁻
H⁺ + CO₃²⁻ ⇌ HCO₃⁻

வந்த H⁺-இல் பெரும்பகுதி கடலில் இருக்கும் கார்பனேட் அயனியைப் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. கடல்நீரில் கரைந்துள்ள கனிமக் கார்பனில் சுமார் 90 சதவீதம் ஏற்கெனவே பைகார்பனேட்தான். கார்பனேட் சுமார் 9 சதவீதம். குறைவாக இருப்பதுதான் மேலும் குறைகிறது.

இது உங்களுக்குப் புதிதல்ல. பள்ளியில் சுண்ணாம்பு நீரில் CO₂ செலுத்தியபோது பால் போல வெளுத்தது, அது CaCO₃. விடாமல் மேலும் செலுத்தினால் மறுபடி தெளிந்துவிடும், அது Ca(HCO₃)₂. அந்த இரண்டாவது பாதிக்கும் கடலில் நடப்பதற்கும் அடிப்படை ஒன்றே.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஓடு கரையுமா, வளருமா என்பதைச் சொல்வது செறிவு நிலை:

Ω = [Ca²⁺][CO₃²⁻] / Ksp

Ω 1க்குக் கீழே போனால் ஓடு கரையும். வெப்பமண்டலக் கடல்களின் மேற்பரப்பில் பவளம் பயன்படுத்தும் அரகோனைட்டுக்கு Ω பொதுவாக இன்றும் 3ஐ ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கிறது. ஆகவே அங்கே பவளம் கரைந்து ஓடவில்லை. கட்டுவதற்கு ஆகும் செலவு கூடுகிறது. பவளம் தன் எலும்புக்கூடு உருவாகும் இடத்திலிருந்து H⁺-ஐ ஆற்றல் செலவழித்து வெளியே தள்ளுகிறது. வெளியில் H⁺ கூடக்கூட அந்த வேலை கடினமாகி, வளர்ச்சி குறைகிறது.

குஞ்சுகளுக்கு இன்னும் கஷ்டம். அமெரிக்காவின் ஒரேகான் கரையில், விஸ்கி க்ரீக் என்ற சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகத்தில் 2007 முதல் சிப்பி லார்வாக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதலில் கிருமி என்று சந்தேகப்பட்டார்கள். ஆழத்திலிருந்து மேலெழும், CO₂ மிகுந்த தண்ணீர் வரும் நாட்களோடு சாவு பொருந்துவது பிறகு தெரிந்தது. முட்டையின் சேமிப்பு ஆற்றலை வைத்தே இரண்டு மூன்று நாளில் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டிய குஞ்சுக்குத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தண்ணீரில் சோடியம் கார்பனேட் சேர்த்தார்கள், உற்பத்தி மீண்டது. குறைந்தது கார்பனேட் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசியாக நம் கடல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போனால் கிளிஞ்சல் பார்க்கலாம். பவளப்பாறைக்கு மன்னார் வளைகுடாதான் போக வேண்டும். அங்கே 2010லும் 2016லும் பவளம் பெருமளவில் வெளுத்தது. அதை உதாரணமாக எழுதி அமிலமயமாதல் என்று முடிக்கிறார்கள். தவறு. அது கடல் சூடானதால், பவளத்துக்குள் வாழும் பாசி வெளியேறி நேர்ந்தது. காரணவாயு ஒன்றே என்றாலும் வழி வேறு. வெளுத்துப் பட்டினி கிடக்கும் பவளத்துக்கு H⁺-ஐத் தள்ள ஆற்றல் மிஞ்சாது என்று எழுதுங்கள். இரண்டும் சரியாக இணையும்.

பத்து மதிப்பெண் கேள்வி என்றால் இந்த வரிசையிலேயே எழுதுங்கள்: pH கணக்கு, கார்பனேட் இழப்பு, Ω, கட்டும் செலவு, லார்வா. ‘அமிலம் கரைக்கிறது’ என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.