முதலில் கான்டெக்ஸ்ட், பிறகு குவாண்டைசேஷன்

"மாடல் கோப்பு கார்டின் மெமரிக்குள் அடங்கினால் போதும், அடங்குவதிலேயே பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்." வீட்டுக் கணினியில் மொழி மாடலை ஓட்ட நினைப்பவர்களுக்குப் பலரும் சொல்லும் ஆலோசனை இது. 12 ஜி.பி. மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்டையும் லாமா 3.1 வரிசையின் 800 கோடி அளவுருக்கள் கொண்ட மாடலையும் வைத்துக் கணக்குப் போட்டால், இந்த ஆலோசனை நிற்காது.

அந்த மாடலின் Q8_0 கோப்பு சுமார் 8 ஜி.பி. மிச்சம் 4 ஜி.பி. இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் படித்த ஒவ்வொரு டோக்கனுக்கும் கீ, வேல்யூ என்னும் இரண்டு எண் தொகுதிகளை மாடல் நினைவில் வைத்திருக்க வேண்டும். 32 அடுக்குகள், அடுக்குக்கு 8 தலைகள், தலைக்கு 128 எண்கள், எண்ணுக்கு 2 பைட். கீயும் வேல்யூவும் சேர்ந்து இதில் இரு மடங்கு. பெருக்கினால் டோக்கன் ஒன்றுக்கு 128 கே.பி. வருகிறது. 8,192 டோக்கனுக்கு 1 ஜி.பி. ஆகும், 32,768 டோக்கனுக்கு 4 ஜி.பி. ஆகும். மாடல் தாங்கும் உச்சமான 1,31,072 டோக்கனைக் கேட்டால் 16 ஜி.பி., அதாவது கோப்பைப்போல் இரு மடங்கு. உரையாடல் பத்து வரிதான் என்றாலும், கேட்ட அளவு முழுவதையும் llama.cpp தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடும். Q8_0 கோப்போடு 32,768 டோக்கன் கேட்டால் 12 ஜி.பி.யும் தீர்ந்துவிடும். கணக்கீட்டுக்கும் திரைக்கும் இடமே இருக்காது.

"பிழைச் செய்தி வரவில்லையே, அப்படியானால் அடங்கிவிட்டது" என்பார்கள். லினக்ஸில் இடம் போதாவிட்டால் பெரும்பாலும் நிரல் நின்றுவிடும். விண்டோஸில் என்விடியா டிரைவர் மிஞ்சியதைச் சத்தமில்லாமல் கணினியின் ரேமுக்குத் தள்ளிவிடும். ஒவ்வொரு டோக்கனை எழுதும்போதும் மாடல் முழுவதையும் படித்தாக வேண்டும். இந்தக் கார்டின் மெமரி நொடிக்கு 360 ஜி.பி. தரும், ரேமுக்குப் போகும் பாதையோ 32 ஜி.பி.தான். பதில் திடீரென ஊர்ந்து வந்தால் டாஸ்க் மேனேஜரில் பகிர்ந்த ஜிபியு மெமரியைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் கோப்பும் கான்டெக்ஸ்டும் சேர்ந்து அடங்கவில்லை என்று பொருள்.

"4 பிட்டுக்கு இறங்கினால் மாடல் முட்டாளாகிவிடும்" என்பதும் மிகை. 4.6 ஜி.பி. வரும் Q4_K_M எல்லாவற்றையும் 4 பிட்டாக நறுக்குவதில்லை. நுட்பமான சில பகுதிகளை 6 பிட்டில் விட்டுவைக்கிறது. ஆங்கிலத்தில் அன்றாட வேலைக்கு வேறுபாடு அரிதாகவே தெரியும். இந்த அளவு மாடலில் 2 பிட்டுக்குப் போனால்தான் உளறல் தொடங்கும்.

ஆனால் தமிழுக்கு நான் Q4-ஐப் பரிந்துரைக்க மாட்டேன். லத்தீன் அல்லாத எழுத்து மொழிகளைச் சுருக்கம் கூடுதலாகப் பாதிக்கிறது. போதாக்குறைக்கு, அதே செய்திக்குத் தமிழில் பல மடங்கு டோக்கன் செலவாகிறது. ஆகவே எடைகளில் துல்லியமும் வேண்டும், கான்டெக்ஸ்டுக்கு இடமும் வேண்டும். 6.1 ஜி.பி. உள்ள Q6_K-ஐ எடுத்து, கீ-வேல்யூ சேமிப்பை 8 பிட்டாக்கினால் 32,768 டோக்கனுக்கு 2.1 ஜி.பி. போதும். மொத்தம் 8.2 ஜி.பி., மீதி இடம் கணக்கீட்டுக்கு.

```
llama-server -m Llama-3.1-8B-Q6_K.gguf -ngl 99 -c 32768 -fa on -ctk q8_0 -ctv q8_0
```

நீங்கள் கொடுக்கப்போகும் மிக நீண்ட உரையை முதலில் `llama-tokenize` கொண்டு எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணோடு பதிலுக்கும் இடம் சேர்த்து `-c` அளவை முடிவு செய்யுங்கள். எந்தக் கோப்பை இறக்குவது என்பதை மிஞ்சும் மெமரியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.