மொய்க் கொப்பியில் ரூபா மட்டும் எழுதினால் போதாது



கொஞ்சம் நீளமான பதிவு. கலியாண வீடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

பளையில் இப்போது வெளிநாட்டுத் தாள் விழாத கலியாண வீடு குறைவு. கனடா டொலர், லண்டன் பவுண்ஸ், சுவிஸ் பிராங் வருகிறது. எங்கள் நிக்காஹ் வீடுகளில் சவூதி ரியாலும் கட்டார் ரியாலும் வருகிறது. வந்த காசை நாங்கள் என்ன செய்கிறோம்? அன்றிரவே என்வலப்புகளைக் கிழித்துத் தாள்களை ஒரே கட்டாகக் கட்டி, தெரிந்த ஒருவரிடம் கொடுக்கிறோம். அவர் மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். அதைக் குத்துமதிப்பாகப் பிரித்துக் கொப்பியில் ரூபாவாக எழுதுகிறோம். இந்தப் பழக்கத்தை விடவேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. இதில் காசும் போகிறது, சொந்தமும் போகிறது.

முதலில் காசுக் கதை. விளங்குவதற்காக ஒரு வீட்டைக் கற்பனையாக எடுப்போம். மூன்று 100 கனடா டொலர், ஆறு 20 பவுண்ஸ், இரண்டு 100 சுவிஸ் பிராங் வந்திருக்கிறது. டொலர் 210, பவுண்ஸ் 390, பிராங் 360 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காக எடுத்த விலை, இன்றைய விலை அல்ல. 63,000, 46,800, 72,000. கூட்டினால் 181,800 ரூபா. வீட்டார் சந்தோசப்படுவார்கள்.

ஆனால் அந்த ஆறு பவுண்ஸ் தாளில் இரண்டு பழைய கடதாசித் தாள். கடதாசி 20 பவுண்ஸும் 50 பவுண்ஸும் 2022 செப்டெம்பர் 30 உடன் இங்கிலாந்திலேயே செல்லாமல் போய்விட்டன. இப்போது செல்லுபடியாவது பிளாஸ்டிக் தாள். அதில் கண்ணாடி மாதிரி ஒரு பகுதி இருக்கும். மகாராணியின் படம் போட்ட பிளாஸ்டிக் தாள் செல்லும், மன்னரின் படம் போட்டதும் செல்லும், அதில் குழம்பவேண்டாம். சுவிஸ் தாளிலும் ஒன்று பழைய வரிசை. அந்த வரிசையை 2021 ஏப்ரல் 30 அன்று சுவிஸ் தேசிய வங்கி திரும்ப எடுத்துவிட்டது. புதிய வரிசையில் ஒவ்வொரு தாளிலும் ஒரு கையும் ஒரு உலக உருண்டையும் இருக்கும். அவை இல்லாவிட்டால் பழையது.

இந்த மூன்று தாளையும் கழித்தால் இங்கே மாற்றக்கூடியது 130,200 ரூபாதான். மிச்சம் 51,600 ரூபா பெறுமதி கையில் தாளாக நிற்கிறது. அது குப்பை அல்ல. இங்கிலாந்து வங்கியும் சுவிஸ் தேசிய வங்கியும் தங்கள் பழைய தாள்களைக் காலக்கெடு இல்லாமல் மாற்றிக் கொடுக்கின்றன. தந்த உறவு இன்னும் ஊரில் நிற்கும்போதே, "மாமா, இது பழைய தாளாம், கொண்டுபோய் மாற்றிவிடுங்கோ" என்று கையில் கொடுத்துவிட்டால் ஒரு சதமும் நட்டமில்லை. பெட்டிக்குள் கிடந்து எடுத்த தாள் என்று அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கும். கட்டோடு கொடுத்தால் நடப்பது வேறு. "பழசு இருக்கு, பாதி விலைதான்" என்று அவர் சொல்லுவார். எந்தத் தாளுக்கு எவ்வளவு குறைத்தார் என்று கேட்க எங்களிடம் கணக்கும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை.

"வங்கிக்குப் போனால் கேள்வி கேட்பார்கள், டொலர் வைத்திருந்தால் பொலிஸ் பிடிக்கும்" என்று ஒரு பயத்தை ஊருக்குள் விதைத்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பயத்தால் பிழைப்பவர்கள் யார் என்று யோசியுங்கள். 2022 ஜூனில் அரசு வரம்பை இறுக்கியபோதுகூட, ஒருவர் கையில் வைத்திருக்கக்கூடிய வெளிநாட்டு நாணயத்தை 15,000 டொலரிலிருந்து 10,000 அமெரிக்க டொலராகத்தான் குறைத்தது. நாங்கள் மேலே பார்த்த வீட்டுக் காசு ஏறக்குறைய 600 டொலர். உண்மையில் சட்டம் அனுமதிக்காதது, மத்திய வங்கியின் அனுமதி இல்லாதவர் தாள் வாங்கி விற்பதைத்தான்.

ஆகவே கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு வங்கிக்குப் போங்கள், அல்லது அனுமதிப்பத்திரம் உள்ள நாணயமாற்றுநரிடம் போங்கள். எல்லாக் கிளையும் எல்லா நாணயமும் எடுக்காது, முதலில் கோல் எடுத்துக் கேளுங்கள். அடையாள அட்டையோடு கலியாண அழைப்பிதழ் ஒன்றையும் கொண்டுபோங்கள். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதுவே பதில். போனில் தேடி எடுக்கும் விலை உங்களுக்குக் கிடைக்காது. தாளுக்கு வங்கி தரும் "வாங்கும் விலை" அதைவிடக் கொஞ்சம் குறையும். அது ஏமாற்று அல்ல. கிழிந்த, எழுதிய, ஸ்டாப்ளர் அடித்த, குங்குமம் பட்ட தாளைத் தள்ளிவிடுவார்கள். தந்தவர் பெயரைத் தாளில் எழுதாதீர்கள், என்வலப்பில் எழுதுங்கள்.

இனிச் சொந்தம் போகும் கதை. 2022 தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் நின்றது. அந்த வருசம் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அந்தத் தொடக்கத்தில் ஒருவர் தந்த 100 டொலரைக் கொப்பியில் "20,000" என்று எழுதிய வீடு, பிறகு அவர் மகளின் கலியாணத்துக்குக் கொப்பியைப் புரட்டி 20,000 வைத்தால், அன்றைய விலையில் 56 டொலர்கூட இல்லை. தந்தவர் 100 என்று நினைத்திருக்கிறார், வைத்தவர் சரியாகத் திருப்பிவிட்டோம் என்று நினைக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கொப்பிதான் பாதியை விழுங்கிவிட்டது. முகம் முறிவது அங்கேதான்.

"மொய் அன்பளிப்பு, அதுக்கு என்ன கணக்கு?" என்று சிலர் கேட்பார்கள். அன்பளிப்புத்தான். கடன் என்று நாங்களும் சொல்லவில்லை. டொலர் தந்தவருக்கு டொலரே திருப்பவேண்டும் என்றால், தோட்டமும் கூலியும் செய்யும் குடும்பம் என்ன செய்யும்? திருப்புவது அவரவர் வசதி. ஆனால் கணக்கே வேண்டாம் என்றால் கொப்பியை அடுப்பில் போடுங்கள். கொப்பியும் வைத்து, அதில் அரை உண்மையும் எழுதுவதுதான் பிழை. வேறொன்றும் உண்டு. அந்தக் காசு மாப்பிள்ளை பொம்பிளைக்கு வந்தது. நாளைக்கு அந்தப் பிள்ளைகள் "எவ்வளவு வந்தது, எங்கே போனது?" என்று கேட்டால் காட்ட ஒரு பக்கம் இருக்கவேண்டும்.

அடுத்த கலியாணத்துக்கு இப்படிக் கோடு போடுங்கள். தந்தவர் பெயரும் முறையும் ஒரு நிரலில். என்ன நாணயம், எத்தனை பெறுமதித் தாள், எத்தனை தாள் என்பது அடுத்த நிரலில். "100 கனடா டொலர், ஒன்று" என்று வந்தது வந்தபடி. மூன்றாவது நிரலைக் காலியாக விடுங்கள். மாற்றிய பிறகு திகதி, விலை, கிடைத்த ரூபா அதில் ஏறட்டும். மாற்ற முடியாத தாளுக்கு எதிரே "பழையது, மாமாவிடம் கொடுத்தது" என்று எழுதுங்கள். பற்றுச்சீட்டை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். என்வலப்பைப் பிரிக்கும்போது பொம்பிளை வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் ஒரு பஸ் பயணமும்தான் செலவு. அதற்கும் பஞ்சிப்பட்டு, தெரியாத விலைக்குக் கட்டோடு கொடுப்பதை இனியும் "தெரிந்த ஆள்தானே" என்று சொல்லவேண்டாம்.