சுவரில் ஏறும் முன் இறங்கும் வழி

கையில் நிற்கப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். சுவரைப் பார்த்துக் கைகளை ஊன்றி, ஒரு காலை உதைத்து எழும்பி, குதிகால்கள் 'தொப்'பென்று சுவரில் விழ, அப்படியே நின்றுவிடுவது. விடுதி அறைச் சுவர்களில் தலை உயரத்துக்குத் தெரியும் அழுக்குத் தடங்களே இதற்குச் சாட்சி. இந்த முறையில் இறங்குவது எளிது. ஒரு காலைத் தரையை நோக்கிக் கொண்டுவந்தால் உடம்பு தானாகப் பின்தொடரும். ஆனால் தோளுக்குப் பாடம் எடுப்பதில் இது மட்டமான வாத்தியார். குதிகால் சாய இடம் கிடைத்ததும் முதுகு வாழைப்பழம் போல் வளைந்துகொள்கிறது. தோள் செய்ய வேண்டிய வேலையைச் சுவர் செய்கிறது.

இதற்கு மாற்று, வயிறு சுவரைப் பார்க்கும்படி ஏறுவது. பாதங்களைச் சுவரடியில் வைத்துத் தண்டால் நிலையில் தொடங்கி, கால்கள் சுவரில் மேலே நடக்க, கைகள் சுவரை நோக்கிப் பின்னால் நடந்து வரும். கைகள் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கும்போது உடம்பு சரிவாக இருக்கும். ஒரு சாணுக்கு வந்தால் கிட்டத்தட்ட நேர்க்கோடு.

இதற்குத் தண்டால் பலம் மட்டும் போதாது. தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கைகளுக்கு வருகிறது. 60 கிலோ ஆளுக்கு 40 கிலோ. கையில் நின்றால் முழு 60. அதைவிட முக்கியம், தள்ளும் திசை வேறு. தண்டாலில் நெஞ்சுக்கு முன்னால் தள்ளுகிறோம். இங்கே தலைக்கு மேலே. முழங்கை மடங்காமல், தோள்கள் காதைத் தொடும் அளவுக்குத் தரையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தோள் காதை விட்டு இறங்கிவிட்டால் எடை மூட்டில் தொங்க ஆரம்பிக்கிறது. கை முதலில் அவ்வளவு தூரம் உயருமா என்பதற்கு ஒரு சோதனை: சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்ட நின்று, மடக்காத கைகளை மேலே தூக்கினால் கட்டைவிரல்கள் சுவரைத் தொட வேண்டும். இடுப்பு விலகினால்தான் தொடுகிறது என்றால், தலைகீழாக நின்றாலும் அதே இடுப்புதான் வளையும்.

15 தண்டால் எடுக்கும் அந்த 60 கிலோ மாணவரையே எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் சுவருக்கே போக வேண்டாம். பாதங்களை நாற்காலியில் வைத்து, இடுப்பைத் தோளுக்கு நேர் மேலே தூக்கி, 20 விநாடி நிற்கட்டும், நான்கு முறை. இடையில் முழங்கையை மடக்காமல் தோளை மட்டும் ஏற்றி இறக்கட்டும். இது தள்ளாடாமல் வந்தபின் சுவரில் ஒரு முழம் தூரம், அது பழகியபின் ஒரு சாண். (காலுறையோடு ஏறுவது, வேர்வை சொட்டிய மொசைக் தரையில் கை ஊன்றுவது, இரண்டும் வழுக்கிவிடும்.)

இனிதான் பலரும் கோட்டை விடும் இடம். அவரால் அதிகபட்சம் 30 விநாடி நிற்க முடிகிறது என்றால், 20ல் இறங்க வேண்டும். காரணம், இறங்குவதும் வேலைதான். கைகளை முன்னால் நடத்தும் ஒவ்வொரு அடியிலும் எடையில் பெரும்பகுதி ஒற்றைக் கைக்குப் போகிறது. உடம்பு சரியச் சரியத் தோளுக்குச் சுமையும் கூடுகிறது. 30 விநாடியும் நின்று தீர்த்தவருக்கு இந்த ஆறேழு அடி எடுக்கத் தெம்பு இருக்காது. முழங்கை மடங்கும், கீழே தலை இருக்கிறது, கழுத்து இருக்கிறது. கடிகாரத்தை விட நல்ல அறிகுறிகளும் உண்டு. தோள் காதை விட்டு நழுவுவது, முழங்கை நடுங்குவது, மூச்சை அடக்குவது. மூன்றில் ஒன்று வந்தாலும் இறங்கிவிடலாம்.

இன்னொரு ஆபத்து, சுவருக்கு மிக நெருங்கிப்போய்க் கால்கள் முதுகுப் பக்கமாகச் சாய்வது. அப்போது நடந்து இறங்க நேரமிருக்காது. திரும்பித்தான் இறங்க வேண்டும். இடக்கையை மடக்காமல் எடையை அதில் ஏற்றி, வலக்கையை எடுத்துச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக ஒரு சாண் முன்னால் வைத்தால் இடுப்பு தானே திரும்பும்; வண்டிச்சக்கரம் உருள்வது போலக் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் தரைக்கு வரும். இதைப் பயந்த நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது. முதலில் புல்தரையில், பிறகு பாதங்கள் சுவரில் இடுப்பு உயரத்தில் இருக்கும்போதே வேண்டுமென்று திரும்பி இறங்கி, இரண்டு பக்கமும் பத்துப் பத்து முறையாவது பழகிய பிறகுதான் ஒரு சாண் தூரத்துக்குப் போவது நியாயம். குட்டிக்கரணம் போட்டுத் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு முழங்கையைக் கட்டுப்பாட்டோடு மடக்கி, தாடையை நெஞ்சில் ஒட்டி உருள வேண்டும். சோர்ந்த கைக்கு அது கடைசி வழிகூட இல்லை.

உயர் ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள், தலைகீழாக நிற்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. மணிக்கட்டு வலிக்கிறவர்கள் விரல்களை நன்றாக விரித்து, எடையை உள்ளங்கை அடியில் மட்டும் விடாமல் விரல் நுனிகளுக்கும் பகிர்ந்து பார்க்கலாம். அப்படியும் வலித்தால் அன்றைக்கு நாற்காலியோடு நிறுத்திக்கொள்ளலாம்.