தாதியின் சட்டைக் கை ஏன் குட்டை, செஃப்பின் கை ஏன் நீளம்?



போன தவணை பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஓர் உம்மா மட்டும் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகள் உயர்தரம், உயிரியல் பிரிவு. தாதியாக வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை.

"டீச்சர், புள்ள நர்ஸாகிறது எனக்கும் விருப்பம்தான். அந்த உடுப்புத்தான் மனசுக்கு ஒப்புதில்ல. அரைக் கை. அத மணிக்கட்டு வரைக்கும் நீட்டிக் குடுத்தா அவங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. இந்தக் கேள்வி ஊரில் பல வீடுகளில் இருக்கிறது என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன். அந்த உம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவர். அதனால் உடுப்பை வைத்தே பேசுகிறேன்.

முதலில் செஃப்பைப் பாருங்கள். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஹோட்டல் வேலைக்கென்று வளைகுடாவுக்கும் மாலைதீவுக்கும் போயிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களில் வெள்ளைக் கோட் போட்டிருப்பார்கள், நெஞ்சின் இரு பக்கமும் பொத்தான் வரிசை. அழகுக்கு வைத்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் முன்பக்கம் இரண்டு மடிப்பாக ஒன்றின் மேல் ஒன்று வருகிறது. அடுப்புக்கு நேரே நிற்பது நெஞ்சும் வயிறும்தான், அங்கே துணி இரட்டை. இன்னொரு வசதியும் உண்டு. கறி தெறித்து மேல் மடிப்பு அழுக்கானால், பொத்தானைக் கழற்றி மடிப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு விருந்தினர் முன்னால் போகலாம். இரண்டு வரிசை பொத்தான் அதற்குத்தான். பல கோட்களில் அந்தப் பொத்தானும் துணியால் முடிந்த முடிச்சு. எத்தனை தரம் கொதிநீரில் வெளுத்தாலும் அது உடையாது.

கை முழுக்கை. ஒருவர் பெரிய கிடாரத்தில் இருந்து சோறு வடிக்கிறார், கஞ்சி முன்கையில் கொட்டுகிறது என்று வையுங்கள். பருத்திக் கை அந்த முதல் அடியை வாங்கிக்கொண்டு ஒன்றிரண்டு விநாடி தருகிறது. அதற்குள் கஞ்சி துணியில் ஊறிவிடும், ஊறிய துணி சூட்டைத் தோலோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தக் கோட் உடம்பை ஒட்டித் தைக்கப்படுவதில்லை. ஒரே இழுப்பில் கழற்ற முடிய வேண்டும். கழற்றியதும் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர். பற்பசை வேண்டாம், ஐஸும் வேண்டாம். துணி தோலோடு ஒட்டிவிட்டால் இழுக்காமல் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று பொலியஸ்டர் கோட் வாங்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தீயில் அது உருகும், உருகித் தோலில் ஒட்டும். (கல்யாண வீட்டில் சாரத்தோடு, மேலில் ஒன்றும் இல்லாமல் கிடாரத்துக்கு முன்னால் நிற்கிறார்களே நம்மூர்ச் சமையல்காரர்கள், அவர்களின் முன்கையை ஒரு தரம் பாருங்கள். தழும்பே கதை சொல்லும்.)

ஆக, செஃப்பின் ஆபத்து வெளியில் இருந்து அவர் தோலுக்கு வருகிறது. அதனால் கை நீளம்.

தாதிக்கு இது அப்படியே தலைகீழ். ஆபத்து அவருடைய கையில் இருந்து நோயாளிக்குப் போகிறது. ஒரு கட்டிலில் புண் கட்டிய கை அடுத்த கட்டிலில் ஊசி போடுகிறது. நடுவில் இருப்பது கை கழுவுதல் மட்டும்தான். அது நாம் வுளூ செய்வதைப் போல ஒழுங்கு முறை உள்ள கழுவல்: உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, பெருவிரல், நகநுனி, மணிக்கட்டு. உலக சுகாதார நிறுவனம் இதற்குச் சொல்லும் நேரம் 40 முதல் 60 விநாடி. மணிக்கட்டில் துணி இருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். கழுவுகிறவர் துணி நனையாமல் பார்த்துக்கொண்டு மணிக்கட்டுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார். அல்லது துணி நனையும், அந்த ஈரக் கை ஓரம் அடுத்த நோயாளியின் படுக்கையில் உரசும். மணிக்கூட்டைக் கையில் கட்டாமல் நெஞ்சில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் வழக்கமும் இதே காரணத்தோடு ஒத்துப்போகிறது. நாடித் துடிப்பு எண்ணும்போது குனிந்து பார்த்தால் அவருக்கு நேராகத் தெரியும்.

வெள்ளை நிறம் அழுக்கைக் காட்டிக் கொடுப்பதற்கும், சூட்டோடு வெளுப்பதற்கும். ஆனால் அதே ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை அறைக்குள் வெள்ளை வேலைக்கு ஆகவில்லை. 1914இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் பச்சைத் துணிக்கு மாறினார், வெள்ளையின் கூச்சம் தாங்காமல். சிவப்பையே பார்த்திருந்த கண் வெள்ளையைப் பார்த்தால் அதில் பச்சை நிழல் மிதக்கும். சிவப்பு அட்டையை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள், பிள்ளைகள் துள்ளுவார்கள். பச்சைத் துணியில் அந்த நிழல் தொந்தரவு தராது.

இங்கே சட்டத்தரணியையும் ஒரு நிமிடம் கூப்பிட வேண்டும். அவருடைய கறுப்புக் கோட் எதில் இருந்தும் அவரைக் காப்பதில்லை. நம் வெயிலுக்கு அது தண்டனைதான். அதன் வேலை வேறு. நீதிமன்றம் நிறைந்த ஆட்களில் பேச உரிமை உள்ளவர் யார் என்று அது காட்டுகிறது. பணக்காரச் சட்டத்தரணியின் உடுப்பையும் நேற்று சத்தியப்பிரமாணம் செய்தவரின் உடுப்பையும் ஏறக்குறைய ஒன்றாக்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரச குடும்பத்துச் சாவுக்கு உடுத்த துக்க உடை அப்படியே நிலைத்துவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும் அது அடையாள உடுப்பு. அடையாளத்தை, எல்லோரும் சம்மதித்தால், மாற்றலாம். இங்கிலாந்தில் 2008இல் சிவில், குடும்ப வழக்குகளில் நீதிபதிகள் பொய்முடியைக் கழற்றி வைத்தார்கள், நீதி ஒன்றும் குறையவில்லை. இந்தியாவில் உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் தவிர்ந்த மன்றங்களில் கோடை காலத்தில் கறுப்புக் கோட் கட்டாயமில்லை என்று வழக்கறிஞர்களின் விதியே சொல்கிறது.

இப்போது அந்த உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தாதியின் உடுப்பு ஒரே உடுப்பு இல்லை. அதில் பாதி செஃப்பின் கோட் மாதிரி, வேலைக்காகத் தைத்தது. மறுபாதி சட்டத்தரணியின் கோட் மாதிரி, அடையாளத்துக்காக வைத்தது. நாம் சண்டை பிடிக்கும்போது இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். நிர்வாகமும் அதையேதான் செய்கிறது.

கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி அடையாளம். பல நாடுகளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள், நோயாளிக்கு ஒரு நட்டமும் இல்லை. கவுனின் நீளம், அதற்குக் கீழே காற்சட்டை போடலாமா, தலையை மூடலாமா, இவையும் அந்தப் பக்கம்தான். தலைத்துணி கழுத்துக்குள் செருகி, தொங்காமல், தினமும் மாற்றித் துவைத்ததாக இருந்தால் சுகாதாரத்தின் பெயரால் அதை மறுக்க நியாயமில்லை. சத்திர சிகிச்சை அறையில் எல்லோருமே தலையை மூடித்தான் நிற்கிறார்கள். இந்த இடங்களில் நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். "யூனிஃபோர்ம் என்றால் யூனிஃபோர்ம்தான்" என்பது காரணம் ஆகாது.

ஆனால் நோயாளியைத் தொடும் நேரத்தில் முழங்கைக்குக் கீழே துணி வேண்டும் என்று நாம் கேட்கக் கூடாது. அது மற்றவரின் உம்மா படுத்திருக்கும் கட்டில். இதைச் சொன்னதற்கு என்னோடு சிலர் கோபிக்கலாம், பரவாயில்லை.

அப்படியென்றால் வழியே இல்லையா? பிரித்தானியாவின் அனுபவம் பார்க்கத் தக்கது. முழங்கைக்குக் கீழே வெறுங்கை என்ற விதியை அங்கே 2007க்குப் பிறகு இறுக்கமாகக் கொண்டுவந்தார்கள். முஸ்லிம் பெண்களிடம் இருந்து முறைப்பாடு வந்தது. 2010இல் வெளியிட்ட வழிகாட்டலில் சுகாதாரத் திணைக்களம் இரண்டு விடயங்களை அனுமதித்தது. ஒன்று, நோயாளியை நேரடியாகக் கவனிக்காத நேரத்தில் முழுக்கை போடலாம். கவனிக்கப் போகும்போது அது இறுக்கமாக மேலே ஏற்றி நிற்கக் கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு, ஒரு தரம் பாவித்து வீசும் மேல் உறை. முழங்கையிலும் மணிக்கட்டிலும் எலாஸ்டிக். கையுறையைப் போலவேதான் அதையும் பாவிக்க வேண்டும்: முதலில் கையும் மணிக்கட்டும் கழுவி, பிறகு போட்டு, அந்த நோயாளியோடு கழற்றி வீசி, மறுபடி கழுவ வேண்டும். அதே உறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனால் துணிக் கையை விட அது ஒன்றும் மேலானதில்லை.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடுப்பால் நோய் பரவுகிறது என்பதற்கு முடிவான சான்று இல்லை என்பதை அந்தத் திணைக்களமே ஒத்துக்கொண்டது. அதன் வாதம் கை கழுவுதல் ஒழுங்காக நடப்பதைப் பற்றியது. அதனால்தான் வாட்டுக்கு வெளியே, வகுப்பறையில், அலுவலகத்தில், பயிற்சிக் கல்லூரி வாசலில் முழுக்கையைத் தடுக்க இந்த வாதம் உதவாது. அங்கே தடுத்தால் அது அடையாளச் சண்டை, அதை அடையாளச் சண்டையாகவே பேச வேண்டும்.

நம் பக்கத்துக் குறையும் ஒன்று உண்டு. கையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், வாட்டு உடுப்போடு பஸ்ஸில் வந்து, கடையில் சாமான் வாங்கி, அதே உடுப்போடு பிள்ளையைத் தூக்குகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியிலேயே உடுப்பு மாற்ற ஓர் அறையும் பூட்டுள்ள பெட்டியும் கேட்டால் அது எல்லா இனத்துத் தாதியருக்கும் உதவும். அந்த அறை இருந்தால் வீதியில் எந்தப் பிள்ளையும் அரைக் கையோடு நடக்கத் தேவையில்லை. நம்மூர் அமைப்புகள் மனுக் கொடுப்பதானால் இதை முதலில் எழுதலாம்.

இதையெல்லாம் போன கிழமை அந்த உம்மாவிடம் போய்ச் சொன்னேன். மகளும் பக்கத்தில் இருந்தாள். உம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என் முழங்கையைப் பிடித்து நாடாவால் சுற்றளவு எடுத்தார்.

"எலாஸ்டிக் கூட இறுக்கினா நரம்பு மரத்துப் போகும், தளர விட்டா வேலைக்குள்ள கீழ இறங்கும். அது எப்பிடிச் சரியா வரும் டீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். வீசுவதற்கென்றே செய்த மெல்லிய பிளாஸ்டிக்கில் கரைத்தையல் எப்படி நிற்கும் என்று அவரே யோசிக்கத் தொடங்கிவிட்டார். மகள் விண்ணப்பப் படிவத்தை மேசையில் வைத்தாள்.