ஹைதரின் போரும் இரண்டாவது கேள்வியும்

1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் அலி உயிர் நீத்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக அவர் தொடுத்த இரண்டாவது போர் அப்போது மூன்றாம் ஆண்டில் இருந்தது. அந்தப் போர் நியாயமானதா?

இவ்வகைக் கேள்விக்கு லெனினிய மரபில் தெளிவான விடை உண்டு. எந்த வர்க்கத்தின் அரசியல் இப்போரில் தொடர்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தால் நியாயம் ஹைதர் பக்கமே. தாக்கப்பட்டால் ஒருவருக்கொருவர் உதவுவதாக 1769இல் உடன்படிக்கை செய்த கம்பெனி, மராத்தியர் மைசூர்மீது பாய்ந்தபோது கைகட்டி நின்றது. மாஹே துறைமுகம் தம் பாதுகாப்பில் உள்ளதென அவர் எச்சரித்த பின்னரும் 1779இல் அதைக் கைப்பற்றியது. வாக்கும் எச்சரிக்கையும் பயனற்றுப்போன பிறகே 1780 ஜூலையில் அவர் படை செங்கம் கணவாய் வழியே இறங்கிற்று.

ஆனால் நியாயப் போர்க் கோட்பாடு இத்துடன் நிற்பதில்லை. போர் தொடுக்க நியாயம் இருந்ததா என்பது முதற்கேள்வி. போர் நடத்திய முறை தகுமா என்பது தனியான இரண்டாவது கேள்வி. முதற்கேள்வியில் பெற்ற வெற்றி இரண்டாவதற்கு விடையாகாது.

ஹைதரின் படை சென்னையைச் சுற்றிய நாட்டைப் பாழாக்கிற்று. ஊர்கள் எரிந்தன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன, மக்கள் மைசூருக்குப் பெயர்க்கப்பட்டனர். இவற்றை எழுதி வைத்தவர்களுள் பெரும்பாலோர் அவருடைய எதிரிகள், மிகை கலந்திருக்கும். எனினும் உத்தி பலித்தது என்பதில் ஐயமில்லை. தானியமும் வண்டிமாடும் கிட்டாத கூட்டின் படை, கப்பலில் வரும் அரிசியை நம்பிக் கடற்கரையை விட்டு நெடுந்தூரம் அகல முடியாமல் தவித்தது. சென்னையில் பஞ்சம் பரவ, 1782இல் கஞ்சித்தொட்டி எழுந்தது.

பகைப்படையை முடக்கவே அவர் அப்படிச் செய்தார் என்று வாதிடலாம். படையைத் தாக்கும்போது தவிர்க்க முடியாமல் ஊரார்க்கும் தீங்கு நேர்ந்தால், அத்தீங்கு கிட்டும் இராணுவப் பயனை விஞ்சாதிருக்க வேண்டும் என்பது விதி. இங்கோ உழவரின் பட்டினி பக்க விளைவன்று; அதுவே கருவி. அளவுப் பொருத்தத்தை எடைபோடுவதற்கு முன்பே, போராளியையும் உழவரையும் வேறுபடுத்தும் விதி மீறப்பட்டுவிட்டது.

அது அக்கால வழக்கம் எனலாம். எரிபரந்தெடுத்தலைத் துறையாக்கிப் பாடியது நம் இலக்கியமே. ஆயினும் அம்பு விடுமுன் பெண்டிரையும் பிணியுடையோரையும் அரண் சேரச் சொல்லும் மரபை நெட்டிமையார் பாட்டில் காண்பதும் அதே புறநானூற்றில்தான்.

பட்டினியைப் போர்முறையாக்கிய குற்றச்சாட்டின் பேரில் 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்கு எதிராகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தபோது இடதுசாரிகள் வரவேற்றனர். காசாவில் ஆக்கிரமிப்பாளனின் போர். ஹைதருடையதோ ஆக்கிரமிப்பை எதிர்த்த போர். முதற்கேள்வியில் இரண்டும் எதிரெதிர் துருவங்கள். வயல் எரிந்து பசித்த ஆர்க்காட்டு உழவரின் இரண்டாவது கேள்விக்கு அந்த வேறுபாடு விடையளிக்காது.