மெதுவாக அமுக்கிப் பாருங்கள்

என் பெண்ணுக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷமாகக் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். போன வாரம் அவளுடைய மியூசிக் மிஸ் நோட்டுப் புத்தகத்துக்குள் ஒரு கடிதத்தை மடித்து வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். நாலு பக்கம், கையால் எழுதியது. ஃபீஸை ஏற்றப் போகிறார் என்று நினைத்துத்தான் பிரித்தேன். விஷயம் அதைவிட கனம். இருநூறு கிலோவுக்குக் குறையாத கனம்.

குழந்தையைப் பியானோவுக்கு மாற்றுங்கள் என்கிறார் மிஸ். ஸ்விட்ச் போட்டால் பாடுகிற பியானோ இல்லை; கம்பியும் சுத்தியலும் உள்ள மரப் பியானோ. கூடவே எங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். கடிதத்திலிருந்து அப்படியே தருகிறேன்:

'அன்புள்ள ஐயா, அம்மா, முதலில் உங்கள் வீட்டுக் கீபோர்டில் ஒரு கட்டையை மிக மிக மெதுவாக அமுக்கிப் பாருங்கள். எவ்வளவு மெதுவாக அமுக்கினாலும் சத்தம் வரும். அடுத்த முறை என் வீட்டுக்கு வரும்போது அதையே என் பியானோவில் செய்யுங்கள். கட்டை அடிவரை போய்விடும், சத்தம் வராது. பியானோ ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள்.'

சனிக்கிழமை போய்ச் செய்து பார்த்தேன். நிஜம்தான். கட்டை சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது. அடியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் விரலில் ஒரு சின்னத் தடங்கல் தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. காரணத்தை மிஸ் ரொம்பப் பொறுமையாக எழுதியிருக்கிறார். (எனக்காகத்தான் இருக்கும்.)

'பியானோவில் உங்கள் விரல் கம்பியைத் தொடுவதே இல்லை. கட்டை சில நெம்புகோல்களைத் தள்ளுகிறது. அவை ஃபெல்ட் சுற்றிய ஒரு சுத்தியலைக் கம்பியை நோக்கி வீசுகின்றன. கம்பியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பாகவே நெம்புகோல் சுத்தியலை விட்டுவிடும். கடைசித் தூரத்தைச் சுத்தியல் தானாகத்தான் பறந்து கடக்க வேண்டும். அதனால் எவ்வளவு வேகமாக எறிந்தீர்கள் என்பது ஒன்றுதான் கணக்கு. மெதுவாக எறிந்தால் சுத்தியல் பாதி வழியிலேயே திரும்பிவிடும். வேகத்தைக் கூட்டினால் முணுமுணுப்பிலிருந்து இடிவரைக்கும் எல்லாமே வரும். 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி இதைச் செய்தபோது வைத்த பெயரே மென்மையும் உரப்பும் உள்ள வாத்தியம் என்பதுதான். பியானோ என்றால் மென்மை.'

அப்படியானால் கீபோர்டு? அதில் கட்டைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங்கும் சுவிட்சும். எங்கள் வீட்டில் இருப்பது போன்ற ஆரம்ப ரகத்தில் தட்டினாலும் தடவினாலும் ஒரே சத்தம். விலை கூடியவை கட்டை இறங்கும் வேகத்தை அளந்து சத்தத்தை மாற்றும். ஆனால் ஸ்பிரிங் ஸ்பிரிங்தான். பியானோவில் நடுக்கட்டை ஒன்று இறங்கவே சுமார் 50 கிராம் எடை வேண்டுமாம். ஐம்பது கிராம் என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். மோதிர விரலால் மட்டும் பத்துத் தடவை, எல்லாம் ஒரே அளவில் கேட்கிற மாதிரி வாசித்துப் பார்க்கச் சொன்னார் மிஸ். நாலாவதில் விரல் ராஜினாமா செய்துவிட்டது.

கடிதத்தின் மூன்றாம் பக்கம்தான் எங்களை உட்கார வைத்தது. என் பெண் கீபோர்டில் சரளமாக வாசிக்கிற ஒரு பாடம், ஜி மேஜரில் உள்ள மினுயெட். ரொம்ப நாள் பாக் எழுதியதாக நினைத்திருந்தார்கள். உண்மையில் எழுதியவர் பெட்சோல்ட். அதை மிஸ் தன் பியானோவில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

'முதல் வரியில் ஜி, ஏ, பி, ஸி என்று நாலு ஸ்வரங்கள் படியேறி மேலே டி-யில் முடியும். ஜி-யும் ஏ-யும் கேட்டன. பி கொஞ்சம் மங்கல். மோதிர விரலில் வரவேண்டிய ஸி கேட்கவே இல்லை. குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கட்டையைத் தொட்டாள். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. கீபோர்டு இரண்டு வருஷமாக அந்தப் பலவீனமான விரலுக்கும் முழு மார்க் போட்டுவந்திருக்கிறது. அதைவிட முக்கியம் இடது கை. கீபோர்டில் அது ஒரு கார்டைப் பிடித்தால் போதும், தாளமும் பக்க வாத்தியமும் மெஷின் பார்த்துக்கொள்ளும். இந்த மினுயெட்டிலோ இடது கைக்கென்று தனிப் பாட்டு உண்டு. அதை வலது கையைவிட மெதுவாகப் பாடவும் வேண்டும். ஒரே தலை, ஒரே நேரத்தில் இரண்டு கைக்கும் இரண்டு விதமான அழுத்தம். வால்யூம் ஒரே திருகாக இருக்கிற வாத்தியத்தில் இதைக் கற்றுத்தர எனக்கு வழி இல்லை.'

இன்னும் ஒரு வருஷம் போனால் கை இந்தப் பழக்கத்திலேயே இறுகிவிடும், பிறகு மாற்றுவது இரட்டை வேலை என்கிறார். விரல் மூட்டுகள் இப்போதே உள்ளே மடங்குகின்றனவாம். அன்று இரவு தூங்கிக்கொண்டிருந்தவளின் கையை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மிஸ்ஸுக்குத் தெரிகிறதே, அதற்குத்தானே ஃபீஸ்.

கீபோர்டை அவர் திட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிசைக் குழுவில் வாசிக்க, விதவிதமான சத்தம் சேர்க்க அதுதான் சரி என்கிறார். ஸ்வரத்தை வளைக்க அதில் ஒரு சக்கரம் உண்டு, கமகம் மாதிரி ஏதாவது செய்து பார்க்கலாம். பியானோவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் போக வழியே கிடையாது. டிரினிட்டி பரீட்சையில்கூடக் கீபோர்டுக்குத் தனிப் பாடத்திட்டம், பியானோவுக்குத் தனி. 'உங்கள் பெண் கேட்பது பியானோ பாடங்களை. அதனால்தான் எழுதுகிறேன்.'

எடை வைத்த 88 கட்டைகளோடு டிஜிட்டல் பியானோ வருகிறதே, அதைப் பார்க்கலாமா என்று மனைவி ஃபோனில் கேட்டாள். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லை, ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளலாம். மிஸ் மறுக்கவில்லை. விரலுக்கு அது போதும், கீபோர்டைவிட ஆயிரம் மடங்கு தேவலை என்றார். காதுக்கு? அதற்கு இன்னொரு ஹோம்வொர்க். பியானோவில் ஒரு ஸி கட்டையைச் சத்தம் வராமல் மெதுவாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஸ்தாயி ஸி-யை டக்கென்று அடித்துவிட வேண்டும். அடித்த கம்பி அடங்கிவிட்டது. அடிக்காத கம்பி மெல்ல முனகிக்கொண்டிருந்தது! அமுக்கிப் பிடித்ததால் அதன் மேலிருந்த ஃபெல்ட் அணை விலகியிருக்கிறது. மேல் ஸி-யின் அதிர்வு அதற்குத் தொற்றிக்கொண்டது. பெடலை மிதித்தால் எல்லாக் கம்பிகளுக்கும் இதுதான் கதி. நல்ல டிஜிட்டலில் இதைப் போலவே செய்து காட்டுவார்கள், ஆனால் மரம் முழுக்க அதிர்வது வராது என்றார். என் பெண் அந்த முனகல் அடங்கும்வரை பியானோவின் பக்கவாட்டில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அங்கேயே பட்ஜெட் கண்ணில் தெரிந்தது.

புதுசு நம்மால் ஆகாது. பழசு வாங்கினால் என்ன பார்க்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார். பாலிஷைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒரு ட்யூனரைக் கூட்டிப் போக வேண்டும். கம்பிகளை எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட இருபது டன் இழுவிசை. அதைப் பிடித்து நிற்கிற முளைகள் மரத்தில் தளர்ந்திருந்தால் ஸ்ருதி நிற்காது, அந்தப் பியானோவைத் தொடவே வேண்டாம். சென்னையில் கடல் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கும். ஃபெல்ட்டைப் பூச்சி தின்னும், எலி குடும்பம் நடத்தும். இதெல்லாம் சரிபண்ணக்கூடியது, செலவுதான். வாங்கிய பிறகு ஜன்னலோரமும் ஏ.ஸி. காற்றுக்கு நேராகவும் வைக்கக் கூடாது. வருஷத்துக்கு இரண்டு முறை ஸ்ருதி சேர்க்க வேண்டும்.

அதுவரை வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம், தன் பியானோவிலேயே வந்து பழகட்டும், அதற்குத் தனி ஃபீஸ் வேண்டாம் என்று முடித்திருந்தார். இதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பழைய பியானோ பார்க்கப் போகிறோம். ட்யூனர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முளைகளை அவர் பார்ப்பார். எங்கள் ஃப்ளாட் இரண்டாவது மாடி, லிஃப்ட்டில் நாலு பேர் நிற்கலாம், பியானோ நிற்காது. டேப்பும் கையுமாக மாடிப்படியின் திருப்பத்தை நேற்று அளந்துகொண்டிருந்தேன். அசோசியேஷன் செக்ரட்டரி வந்து நின்று, "என்ன சார், பீரோவா?" என்றார்.

"இல்லை சார், அதைவிடக் கொஞ்சம் சத்தமானது" என்றேன்.