தாடியில இருக்கிற ஓட்டை யாருடையது?

போன வருசம் நாங்கள் ஒருவரின்ட தாடியைத் திருத்தினோம். திருத்தம் நல்லாத்தான் வந்தது. ஆனால் அதில் பாதி பிழை. போட்டோஷொப்பில தாடி நிரப்பப் பழகிற எல்லாரும் கோட்டை எப்பிடிப் போடுறது என்றுதான் கேட்கினம். எந்த இடத்தில போடக்கூடாது என்று யாரும் கேட்கிறேல்ல. நாங்களும் கேட்கேல்ல.

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் இருக்கிற ஒரு குடும்பம். இறந்தவருக்கு முப்பது வயதுக்குள்ளதான். 31ஆம் நாளுக்கு பிரேம் போடப் படம் வேணும். கிடைத்தது போனில எடுத்த ஒரு படம். விடியக்காலை, ஜெட்டியில நிற்கிறார், வெயில் தண்ணியில பட்டு இடது கன்னத்தில அடிக்குது. அந்தக் கன்னத்தில தாடி ஏறக்குறைய இல்லை, வெள்ளையாத் தெரியுது. தாடைக்குக் கீழ வலது பக்கத்தில இன்னொரு ஓட்டை, ஒரு பத்துச் சத நாணயம் அளவு. ரெண்டையும் நிரப்பித் தாங்கோ என்றார் அவரின்ட மச்சான்.

முதல்ல அளவுக் கணக்கைச் சொல்ல வேணும், ஏனென்றால் பெரும்பாலான தாடி அங்கதான் கெட்டுப்போகுது. ஒரு முகத்தின் அகலம் சுமார் 14 சென்ரிமீற்றர். தாடி முடி ஒன்றின் தடிப்பு சுமார் 0.1 மில்லிமீற்றர். படத்தில முகம் 1400 பிக்சல் அகலம் என்றால் ஒரு முடி ஒரு பிக்சல்தான். 5 பிக்சல் பிரஷ்ஷால கோடு போட்டால் அது முடியில்லை, கயிறு. எங்கட படத்தில முகம் 420 பிக்சல்தான் இருந்தது. அதாவது அதில தனி முடி என்று ஒன்று பதிவாகவே இல்லை. கண்ணுக்கு முடி மாதிரித் தெரிஞ்சதெல்லாம் ஏழெட்டு முடி சேர்ந்த கற்றையின் மங்கலான நிழல். பிரேமுக்காக மூன்று மடங்கு பெருப்பித்துவிட்டு, 2 பிக்சலில கூரான முடிகளைக் கீறினோம். பக்கத்துத் தாடி பஞ்சு மாதிரி, எங்கட முடி ஊசி மாதிரி. எல்லாத்தையும் அழித்துவிட்டு 5 பிக்சல் மென்மையான பிரஷ்ஷால கற்றையாகக் கீறி, கடைசியில 1 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கின பிறகுதான் சேர்ந்தது. படம் எவ்வளவு கூரோ, நிரப்புற முடியும் அவ்வளவுதான் கூராக இருக்க வேணும்.

திசை அடுத்தது. தாடி முழுக்க ஒரே பக்கம் வளராது. காதுக்கு முன்னால நேரே கீழ இறங்கும், கன்னத்தில கொஞ்சம் நாடிப் பக்கம் சாயும். மீசை மூக்கின் நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் விரியும். தாடைக்குக் கீழ, கழுத்தில, பலருக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ சுழன்று வளரும். அந்த இடத்தில கீழ்நோக்கிக் கோடு போட்டால், பார்க்கிற ஆளுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஓட்டையின் நாலு ஓரத்திலும் இருக்கிற முடி எந்தப் பக்கம் சாயுது என்று வேறொரு லேயரில சிவப்புக் கோடாகக் கீறி வைத்துக்கொண்டால் நல்லது. வேருப் பக்கம் தடிப்பு, நுனிப் பக்கம் மெல்லிசு. பேனா டப்லட் இல்லாதவர்கள் Shape Dynamics-ல Size Jitter-க்குக் கீழ Control-ஐ Fade என்று மாற்றினால் மவுஸாலேயே நுனி மெலியும்.

அடர்த்திக்கு நாங்கள் செய்தது எண்ணுறதுதான். ஓட்டைக்குப் பக்கத்தில ஒரு சின்னச் சதுரத்தில எத்தனை கற்றை என்று எண்ணினோம்: பதினாலு. நிரப்பினது பத்து. ஏன் குறைத்தோம் என்றால், கையால போட்ட கோடு ஒவ்வொன்றும் முழுசாகத் தெரியும். உண்மை முடியில பாதி மற்ற முடிக்குள்ள மறைஞ்சிருக்கும். எண்ணிக்கையைச் சமமாகப் போட்டால் அந்த இடம் மட்டும் கறுத்துப்போகும். அதுக்கு முதல், முடிக்குக் கீழ தோலில விழுற நிழல் வேணும். மென்மையான பிரஷ், பத்து வீத Opacity, தாடி நிழலின்ட நிறம். இதைப் போடாமல் வெறும் தோலில கோடு போட்டால் பேனையால கிறுக்கின மாதிரித்தான் இருக்கும்.

நிறத்தில பொதுவான பிழை கறுப்பு. "எங்கட ஆக்களுக்குத் தாடி கறுப்புத்தானே" என்று சுத்தக் கறுப்பை எடுக்கிறது. வெயிலில நிற்கிற தாடியில சுத்தக் கறுப்பு ஏறக்குறைய இருக்காது. Alt-ஐ அழுத்தி அந்தத் தாடியிலிருந்தே மூன்று நிறம் எடுத்தோம்: நிழலில இருக்கிற கடும் பழுப்பு, நடு நிறம், வெயில் பட்ட மங்கலான செம்பழுப்பு. இடது கன்னத்துக்கு மூன்றாவதுதான் அதிகம் தேவைப்பட்டது, வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருது.

வேலை முடிஞ்சு படத்தைக் கிடையாகத் திருப்பிப் பார்த்தோம், சின்னதாக்கிப் பார்த்தோம். ஒட்டு எங்க என்று எங்களுக்கே தெரியேல்ல. 12க்கு 18 அங்குலத்தில அடிச்சு, பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தோம்.

அம்மா படத்தைக் கனநேரம் பார்த்தா. பிறகு தாடைக்குக் கீழ கண்ணாடியில விரலை வைத்தா. "இதில தூண்டில் ஏறினது தம்பி. பத்து வயசில. இந்த இடத்தில அவனுக்கு முடி முளைக்காது."

தழும்பில முடி முளைக்காது, அதில வேர் செத்துப்போகும். இது எங்களுக்குத் தெரியாத விசயமில்லை. அதைவிட வெட்கம் என்னவென்றால், அவை எங்களுக்கு ஒரு கலியாண வீட்டுப் படமும் தந்திருந்தவை. அதில இடது கன்னம் நிறையத் தாடியோட இருந்தது, அதைப் பார்த்துத்தான் கன்னத்தை நிரப்பினோம். அதே படத்தில தாடைக்குக் கீழ அதே ஓட்டையும் இருந்தது. நாங்கள் பார்க்கேல்ல.

ஆகவே எங்கட கட்சி இதுதான். ஓட்டை ரெண்டு வகை. ஒன்று படத்தின் ஓட்டை: வெளிச்சம் தின்றது, கீறல் விழுந்தது, மடிப்பு வந்தது. அதை நிரப்பலாம், நிரப்பத்தான் வேணும். மற்றது முகத்தின் ஓட்டை. அது அந்த ஆளுடையது. பிரித்தறியிறது பெரிய கஷ்டமில்லை. வெளிச்சம் தின்ற இடத்தில தோலின் துளைகூடத் தெரியாது, வெறும் வெள்ளை. பக்கத்தில காது, மூக்கு நுனியும் வெளுத்திருக்கும். முகத்தின் ஓட்டையில தோல் தெளிவாகத் தெரியும், வேறு நாளில் எடுத்த படத்திலும் அதே இடத்தில இருக்கும். செல்பி என்றால் மட்டும் கவனம். சில போன் படத்தை இடம் வலம் மாற்றிச் சேமிக்கும், சட்டைப் பொக்கட் எந்தப் பக்கம் என்று பார்த்தால் பிடிபடும்.

உயிரோட இருக்கிற ஆள் வந்து "மச்சான், கலியாண அல்பத்தில ஹீரோ மாதிரித் தாடி வேணும்" என்றால் நாங்கள் போடுவோம். அவன்ட முகம், அவன்ட ஆசை, நாளைக்கு வேண்டாமென்றால் அவனே சொல்லுவான். அதில எங்களுக்கு ஒரு ஒழுக்கப் பிரச்சினையும் இல்லை. சிலர் அதையும் பொய் என்கினம், அப்பிடியென்றால் மேக்கப்பும் பொய்தான். இறந்தவரின் படத்தில அந்த அனுமதியைத் தர ஆளில்லை. மச்சான் சொன்னது காணாது. கூட இருந்து வளர்த்த ஆளைக் கேட்க வேணும்.

கன்னத்துக்கு ஒரு லேயர், தாடைக்கு ஒரு லேயர் என்று பிரித்து வைத்திருந்தது மட்டும் அதிர்ஷ்டம். தாடை லேயரை மறைத்துவிட்டு, அன்றைக்குப் பின்னேரமே எங்கட காசில திரும்ப அடிச்சுக் குடுத்தோம். கன்னத்தைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லேல்ல.